மீட்டர் போட்டோவில் மயங்கும் எண்கள்: மூன்று வருடமாகக் குறித்துவைத்ததில் புரிந்தது

மாதம் ஒருமுறை மின் மீட்டரைப் போனில் போட்டோ எடுத்து, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ரீடிங்கை நோட்டில் குறித்துக்கொள்கிறேன். மூன்று வருடமாக இப்படித்தான். மீட்டர் முன்னால் நின்று எழுதும்போது ஒரு எண்ணைத் தப்பாக எழுதினால் அதோடு போச்சு, போட்டோ என்றால் திரும்பப் பார்க்கலாம் என்பதுதான் ஆரம்பத்தில் என் கணக்கு. ஆனால் போட்டோவும் ஏமாற்றும், அதுவும் தெளிவாக இருப்பது போலவே காட்டி ஏமாற்றும்.

முதல் வருடம் சக்கரம் சுழலும் பழைய மீட்டர். ஒரு தடவை பத்தின் இடத்துச் சக்கரத்தில் 3 பாதி மேலே போயிருக்க, 4 பாதி எட்டிப் பார்த்தது. நான் 4 என்று போட்டுவிட்டேன். அந்த மாதம் பத்து யூனிட் கூடுதல், அடுத்த மாதம் அதே பத்து குறைவு. அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. இடதுபக்கச் சக்கரம் நகர்வதே அதற்கு வலதுபக்கம் இருப்பது 9-இலிருந்து 0-க்குப் போகும் நேரத்தில்தான். அதனால் மயங்கும் எண்ணை முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை, வலது பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இன்னும் 9 இருந்தால் சிறிய எண், 0 வந்துவிட்டிருந்தால் பெரிய எண். கடைசியில் இருக்கும் சிவப்புச் சக்கரம் தசமம், நான் அதை எழுதுவதே இல்லை.

பிறகு டிஜிட்டல் மீட்டர் வந்தது. இதில் தொல்லை வேறு மாதிரி. ஒவ்வொரு எண்ணும் ஏழு கோடுகளால் ஆனது, ஒரே ஒரு கோடு தெரியாவிட்டால் எண்ணே மாறிவிடும். 8-இல் நடுக்கோடு போனால் 0, வலது மேல்கோடு போனால் 6, இடது கீழ்கோடு போனால் 9. திரையும் தேதி, நேரம், வோல்டேஜ் என்று மாறிக்கொண்டே இருப்பதால், போட்டோவில் ஓரத்தில் யூனிட்டைக் குறிக்கும் kWh என்று தெரிகிறதா என்பதை முதலில் பார்த்துவிடுவேன். வேறொரு கணக்கான kVAh என்று வரும் எண்ணும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும், அதை எடுத்து எழுதி ஒருமுறை குழம்பியிருக்கிறேன்.

ஒரு மாதம் ஃபிளாஷ் வெளிச்சம் நூறின் இடத்து எண்மேல் சரியாக விழுந்து நடுக்கோட்டையும் வலது மேல்கோட்டையும் மறைத்துவிட்டது. 14?52 என்று எழுதினேன். மிச்சம் தெரிந்த கோடுகளை வைத்துப் பார்த்தால் 0, 6, 8 மூன்றில் ஒன்றுதான். முந்தைய ரீடிங் 14611, இடையில் 32 நாள். 14052 என்றால் மீட்டர் பின்னால் ஓடியிருக்க வேண்டும், அது நடக்காது. 14652 என்றால் மொத்தம் 41 யூனிட், வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தால் சரி, நாங்கள் போகவில்லை. 14852 என்றால் 241 யூனிட், நாளுக்கு ஏழரை. எங்கள் வழக்கம் ஆறிலிருந்து எட்டு. எனவே 8.

இந்த வழி இடதுபக்க எண்களுக்கு மட்டும்தான் உதவும். ஒன்றின் இடத்தில் 3-ஆ 9-ஆ என்று மயங்கினால் வித்தியாசமே ஆறு யூனிட், எங்கள் வீட்டில் ஒரு நாள் செலவு. பழைய கணக்கு அதைப் பிரித்துச் சொல்லாது. திரும்பப் போய் ஃபிளாஷை அணைத்துவிட்டு, போனைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு படம் எடுப்பதுதான் வழி. சாய்த்தால் வெளிச்சப் புள்ளி இடம் மாறும், எண் மாறாது. ரொம்பவும் சாய்த்தால் திரையே வெளுத்துவிடும், அது வேறு கதை. இப்போதெல்லாம் ஒரு படத்துக்குப் பதில் அரை நிமிட வீடியோதான் எடுக்கிறேன். மீட்டர் ஒரு சுற்றில் எல்லாக் கோடுகளையும் எரியவிட்டு 888888 என்று காட்டும்போது, எந்தக் கோடாவது செத்துக் கிடந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கோடு செத்திருந்தால் எத்தனை படம் எடுத்தும் தீராது, மீட்டரையே மாற்றச் சொல்ல வேண்டியதுதான்.

இன்னொன்று, இது எனக்கே தாமதமாக உறைத்தது. வழக்கமான செலவை வைத்து ஊகித்த எண்ணை, அடுத்த மாதம் 'இதுதான் வழக்கம்' என்பதற்குச் சாட்சியாக வைக்கக் கூடாது. நிஜமாகவே ஏதோ ஒரு மெஷின் கூடுதலாக இழுத்துக்கொண்டிருந்தால், அதை நானே ஊகத்தால் மூடிவிடுவேன். அதனால் ஊகித்த எண்ணுக்குக் கீழே பென்சிலில் ஒரு கோடு. அந்த 8-க்குக் கீழே கோடு இரண்டு நாள்தான் இருந்தது, மறுபடி எடுத்த படத்தில் 14867 என்று பளிச்சென்று வந்ததும் அழித்துவிட்டேன்.