பந்தய நேரத்திலிருந்து பயிற்சி வேகம்: சுங்கை சிப்புட்டில் பல வருடம் வேக அட்டவணையோடு ஓடிய அனுபவம்

ஜேக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளரின் வேக அட்டவணையைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். 1956, 1960 ஒலிம்பிக்கில் நவீன பென்டத்லான் குழுவில் பதக்கம் வாங்கியவர் அவர். ஜிம்மி கில்பர்ட் என்பவரோடு சேர்ந்து 1979இல் இந்தக் கணக்கை வெளியிட்டார். அண்மையில் ஓடிய ஒரு பந்தயத்தின் நேரத்தைக் கொடுத்தால் அட்டவணை ஓர் எண்ணைத் தரும். அதன் பெயர் விடாட். அந்த எண்ணுக்குரிய வரிசையில் இலகு ஓட்டம், டெம்போ, இண்டர்வல் மூன்றுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கும். இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ஆனால் நம் ஊர் வெயிலிலும் தோட்டத்துச் சடக்கிலும் இதை எப்படி வாசிப்பது என்று யாரும் தெளிவாக எழுதி நான் பார்த்ததில்லை.

எங்கள் குழுவில் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை செய்யும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஈப்போவில் அதிகாலையில் நடந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்தை 52 நிமிடம் 20 விநாடியில் முடித்தார். வாரத்துக்கு 40 கிலோமீட்டர் அளவில் ஓடுகிறவர். அட்டவணையில் 38ஆம் எண்ணுக்கு நேராக 10 கிலோமீட்டர் 52:17 என்று இருக்கிறது. ஆகவே அவர் எண் 38. அந்த வரிசையில் டெம்போ கிலோமீட்டருக்கு 5:19, இண்டர்வல் 4:54, இலகு ஓட்டம் ஏறக்குறைய 6:10 முதல் 6:55 வரை.

எந்த நேரத்தைக் கொடுப்பது என்பதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. துப்பாக்கி வெடித்ததிலிருந்து கணக்கிடும் நேரம் வேண்டாம். தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து சிப் காட்டும் நேரத்தை எடுங்கள். கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட வித்தியாசம் வரும். அடுத்தது தூரம். சின்ன ஊர்களில் நடக்கும் ஓட்டங்களில் 10 என்று போட்டிருப்பது சில நேரம் 9.7தான் இருக்கும். தம்பியின் 52:20 அப்படி 9.7க்கு ஓடியதாக இருந்தால், அதே வேகத்தில் முழு 10க்கு 53:57 ஆகியிருக்கும். எண் 38இலிருந்து 37க்கும் கீழே இறங்கிவிடும். ஓர் எண் மாறினால் டெம்போ வேகம் கிட்டத்தட்ட 7 விநாடி மாறுகிறது. கூட ஓடியவர்கள் கடிகாரங்கள் எல்லாமே 9.7 என்று காட்டினால் அந்த நேரத்தை நம்பாதீர்கள். ஒரே ஒரு கடிகாரம் மட்டும் குறைத்துக் காட்டினால் அது கடிகாரத்தின் கோளாறு.

கேமரன் மலையில் ஓடிய நேரத்தையும் நான் எடுத்துக்கொள்வதில்லை. அங்கே குளிர்ச்சி ஒரு பக்கம் உதவும், ஏற்றமும் இறக்கமும் இன்னொரு பக்கம் இழுக்கும். எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

இப்போது வெயில் விஷயம். அட்டவணை வேகம் குளிர் நாட்டுக்காரர்களுக்கானது, நாம் எல்லாவற்றிலும் பத்துப் பதினைந்து விநாடி கூட்டிக்கொள்ள வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தம்பி ஈப்போவில் ஓடியது நம் ஊர் அதிகாலைப் புழுக்கத்தில்தானே? அந்தப் புழுக்கம் 52:20க்குள்ளேயே அடங்கிவிட்டது. குளிர் நாட்டில் ஓடியிருந்தால் அவர் நேரம் இன்னும் குறைந்திருக்கும், எண்ணும் கூடியிருக்கும். ஆக 38 என்பது அவர் நம் சூழலில் ஓடக்கூடிய எண். அதே அதிகாலை நேரத்தில் பயிற்சி செய்தால் மறுபடியும் விநாடி கூட்டத் தேவையில்லை. கூட்டினால் ஒரே வெயிலை இரண்டு தடவை கழிப்பதாகும். வேலை முடிந்து மாலை ஐந்தரைக்கு, தார் இன்னும் கொதிக்கும்போது ஓடுகிறவர்கள்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மாலையில் எவ்வளவு குறைப்பது என்பதற்கு நிலையான எண் கிடையாது. மூச்சைப் பார்த்துதான் முடிவு செய்கிறேன். டெம்போ என்றால் இரண்டு மூன்று சொல் பேச முடியும், முழு வாக்கியம் வராது. முதல் கிலோமீட்டரை அட்டவணை வேகத்தைவிட 10 விநாடி மெதுவாகத் தொடங்குவோம். இரண்டாவது கிலோமீட்டரிலும் மூச்சு அப்படியே இருந்தால் அதே வேகத்தில் போகலாம். வேகம் மாறாமல் நாடித் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால், அன்றைக்கு அது டெம்போ இல்லை, பந்தயம். அதற்கு மேல் அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

டெம்போவில் இன்னொரு சங்கதி உண்டு. ஒரு மணி நேரம் பந்தயமாக ஓடக்கூடிய வேகம்தான் டெம்போ வேகம். 52 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அந்தப் பந்தயமே ஒரு மணி நேரத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. அவருடைய பந்தய வேகம் 5:14, டெம்போ 5:19. நடுவில் 5 விநாடிதான். பந்தயத்தில் கூட்டம் இருக்கும், தண்ணீர் மேசை இருக்கும், அதற்கு முன்னால் இரண்டு நாள் ஓய்வும் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை, இரவு ஷிப்டை முடித்துவிட்டு வந்து 5:19இல் 20 நிமிடம் விடாமல் ஓடு என்றால் கால் கேட்காது. அதனால் தம்பிக்கு அதைத் துண்டாக்கிக் கொடுத்தேன். 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, இப்படி நான்கு முறை. டேனியல்ஸே சொல்லும் முறைதான் இது. வேகத்தைக் கூட்டாமல், ஓய்வைச் சிறியதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நிபந்தனை. ஓய்வு இருக்கிறதே என்று 5:05இல் ஓடினால் அது வேறு பயிற்சியாகிவிடும். ஒரு பயிற்சியில் டெம்போ அளவு வாரத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அவர் வைத்த வரம்பு. 40 கிலோமீட்டருக்கு 4 கிலோமீட்டர். நான்கு ஐந்து நிமிடங்கள் சேர்ந்து ஏறக்குறைய அவ்வளவுதான் வருகிறது.

இண்டர்வலுக்குத் தோட்டத்துக்குள் சமதளமாக ஒரு சடக்கு இருக்கிறது. அளவுச் சக்கரம் இரவல் வாங்கி 1000 மீட்டருக்கு இரண்டு பக்கமும் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறோம். செம்பனை மட்டைகளுக்குக் கீழே கடிகாரம் காட்டும் உடனடி வேகம் தாவிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து ஓடினால் ஒரு நிமிடம் விரட்டுவீர்கள், அடுத்த நிமிடம் தளர்வீர்கள். பெயிண்ட் கோடும் நிறுத்துக் கடிகாரமும் போதும். இண்டர்வல் வேகத்துக்குக் காரணம், உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜன் உச்ச அளவுக்கு வந்து, அங்கே சிறிது நேரம் நிலைப்பது. அந்த உச்சத்துக்கு வர இரண்டு நிமிடம் அளவில் பிடிக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு ஓட்டமும் 3 முதல் 5 நிமிடம். இன்னும் வேகமாக ஓடினாலும் அந்த உச்சம் உயராது, கால் மட்டும் சீக்கிரம் தளரும். தம்பிக்கு 1000 மீட்டர் 4:54, ஆக 5 நிமிடத்துக்குள் முடிகிறது. எண் 35 உள்ளவருக்கு இண்டர்வல் வேகம் 5:13. அவர் 1000 ஓடினால் வரம்பைத் தாண்டுகிறது, 800 மீட்டர் போதும். எங்கள் குழுவில் எல்லோரும் ஒரே கோட்டில் ஓடி ஒரே கோட்டில் நிற்கும் பழக்கத்தை இதனால் விட்டோம். அளவு வாரத் தூரத்தில் 8 சதவீதம். தம்பிக்கு 3.2 கிலோமீட்டர், அதாவது மூன்று தடவை. நடுவில் ஓடிய நேரத்துக்குச் சற்றுக் குறைவாக மெதுவோட்டம். மூன்றாவது ஓட்டம் முதலாவதைவிட 10 விநாடி பின்தங்கினால் முதலாவது அதிக வேகத்தில் போயிருக்கிறது என்று பொருள். அடுத்த வாரம் 4:54இலேயே தொடங்கினால் மூன்றும் சீராக வரும்.

தம்பிக்கு அதிகமாகப் பலன் தந்தது இலகு ஓட்டத்தின் கட்டம். நான் சேர்ந்து ஓடத் தொடங்கியபோது அவர் இலகு ஓட்டம் என்று ஓடியது 5:40. 38ஆம் வரிசையில் முழு மராத்தான் நேரம் 3:59:35, கிலோமீட்டருக்கு 5:41. அதாவது வாரம் முழுக்க இலகு என்று அவர் ஓடியது மராத்தான் வேகம். டெம்போவுக்கும் அது மெதுவு, ஓய்வுக்கும் அது வேகம். 6:30இல் ஓடச் சொன்னபோது, "அண்ணே, இது நடக்குற மாதிரி இருக்குண்ணே" என்றார். தோட்டத்துச் செம்மண் சடக்கில் ஏறி இறங்கும் இடங்களில் 6:55ஐவிட மெதுவாகப் போனாலும் பரவாயில்லை என்றேன். அங்கே அட்டவணை வேகத்தைப் பிடிக்கக் கூடாது, பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்பதே அளவு. இந்த ஒன்றை மாற்றிய பிறகு அவருடைய இண்டர்வல் நாட்களில் மூன்றாவது 1000 சரிவது நின்றது.

அட்டவணைக்கு ஒரு வரம்பு உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். 38ஆம் வரிசை அரை மராத்தானுக்கு 1:55:55 என்று காட்டுகிறது. தம்பி தாமான் நண்பர்களோடு ஓடிய அரை மராத்தானில் 2:06 எடுத்தார். அட்டவணை பொய் சொல்லவில்லை. அந்தத் தூரத்துக்கு வேண்டிய நீண்ட ஓட்டங்களைச் செய்தவருக்குத்தான் அந்த நேரம். வாரத்துக்கு 40 கிலோமீட்டரில் கடைசி ஐந்து கிலோமீட்டருக்குத் தேவையான கால் இல்லை. 2:06ஐ அட்டவணையில் போட்டால் எண் 34ஐ ஒட்டி வரும். இரண்டு எண் கையில் இருந்தால் நான் செய்வது இதுதான்: டெம்போ, இண்டர்வலுக்கு 10 கிலோமீட்டர் தந்த 38. அடுத்த அரை மராத்தானில் என்ன வேகத்தில் தொடங்குவது என்பதற்கு 2:06. இலகு ஓட்டத்தில் எந்த எண் என்பது பெரிய விஷயமில்லை, மெதுவான பக்கம் இருந்தால் சரி.

எண்ணை உயர்த்த இரண்டு வழி. ஒன்று புதிய பந்தய நேரம். மற்றது, 4 முதல் 6 வாரம் ஒரே எண்ணில் பயிற்சி செய்து டெம்போவும் இண்டர்வலும் இலகுவாக வரத் தொடங்கினால் ஓர் எண் மட்டும் கூட்டிப் பார்ப்பது. ஒரு நல்ல நாளை வைத்து உயர்த்தக் கூடாது. தம்பி பிறகு வேறொரு 10 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் ஓடினார், எண் 40. டெம்போ 5:06, இண்டர்வல் 4:42 ஆயிற்று. இலகு ஓட்டத்தில் மட்டும் அவர் வேகத்தை நான் மாற்றச் சொல்லவில்லை. புதிய வரிசையில் 5:56 முதல் 6:38 வரை என்று இருக்கிறது, அவர் ஓடும் 6:30 அதற்குள்ளேயே வருகிறது.

குறைப்பதற்கும் அட்டவணை வழி சொல்கிறது. புகைமூட்டக் காலத்தில் ஓட்டமே இல்லாமல் நான்கு வாரம் போனால், டேனியல்ஸ் கணக்கில் எண் ஏறக்குறைய 7 சதவீதம் இறங்குகிறது. 38 உள்ளவர் திரும்ப வந்து 35ஆம் வரிசையில் தொடங்க வேண்டும். டெம்போ 5:40, இண்டர்வல் 800 மீட்டராக 5:13 வேகத்தில். ஐந்து நாள் மட்டும் விட்டிருந்தால் எண்ணைத் தொட வேண்டியதில்லை.