மதிக்கு மாற்று: நிலாவா, அறிவா?

‘மதி’க்கு இணைச்சொல் தேடினால் அகராதி நிலா, அறிவு இரண்டையும் தரும். எது பொருந்தும் என்று பக்கத்துச் சொல்லே காட்டிவிடும். எழுவது, தேய்வது என்றால் நிலா. மயங்குவது, கெடுவது என்றால் அறிவு. ‘முழுமதி எழுந்தது’ என்பதை ‘முழுநிலா எழுந்தது’ எனலாம். அங்கே அறிவை வைத்தால் பொருளே கெட்டுவிடும்.

அறிவு என்று மாற்றும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். ‘கோபத்தில் மதியிழந்தான்’ என்பதை ‘அறிவிழந்தான்’ எனலாம், சரி. ஆனால் ‘மதிநுட்பம்’ அப்படி மாறாது. ‘அறிவுநுட்பம்’ ஒட்டாமல் நிற்கும். ‘நுண்ணறிவு’ என்று முழுச்சொல்லையும் மாற்றவேண்டும். ‘மதிமுகம்’ வந்தால் நான் நிலாவையே எடுப்பேன், முகத்துக்கு உவமை அதுதான். ‘பெரியவர்களை மதி’ என்பதற்கு இரண்டும் உதவாது, அது வினைச்சொல். ‘பெரியவர்களுக்கு மரியாதை கொடு’ என்று எழுதுங்கள்.