செங்குத்து வீடியோவில் எழுத்து எங்கே நிற்கலாம்: அளவு எண், மாஸ்க் படம், கைபேசிச் சோதனை

எடிட்டிங் திரையில் பளிச்சென்று தெரிந்த சப்டைட்டில், கைபேசியில் கணக்குப் பெயருக்கும் விளக்க வரிக்கும் அடியில் புதைந்து போகிறது. அம்புக்குறி காட்டும் பொருளின் மேல் லைக் பொத்தான் உட்கார்ந்திருக்கிறது. நாம் ஏற்றும் படம் 1080 பிக்சல் அகலம், 1920 பிக்சல் உயரம். அதில் பார்ப்பவர் கண்ணுக்குத் தடையில்லாமல் போய்ச் சேரும் பகுதி அதைவிடச் சிறியது. எவ்வளவு சிறியது என்று வெளியிடும் முன் தெரிந்துகொள்ள மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ரீல்ஸ், ஷார்ட்ஸ் போன்றவற்றை நடத்தும் நிறுவனம் சொல்லும் சதவீத அளவுகளை வைத்து கோடு போடுவது முதல் வழி. செயலியின் பொத்தான்கள் வரைந்த ஒளி ஊடுருவும் பிஎன்ஜி படத்தை, அதாவது மாஸ்க்கை, வீடியோவின் மேல் வைத்துப் பார்ப்பது இரண்டாவது. உண்மையான செயலியில் ஏற்றி, கைபேசியில் பார்ப்பது மூன்றாவது.

மூன்றையும் ஒரே வீடியோவில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். சைக்கிள் சங்கிலியைச் சுத்தம் செய்வது பற்றிய 40 விநாடி வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலைப்பு மேலிருந்து 150 முதல் 290 பிக்சல் வரை நிற்கிறது. இரண்டு வரி சப்டைட்டில் 1400 முதல் 1540 வரை. இடமிருந்து 90இல் தொடங்கி 990இல் முடிகிறது. பின்சக்கரத்தின் அருகே ஒரு திருகைச் சுட்டும் சிறு குறிப்பு வலப்பக்கத்தில் 800 முதல் 1040 வரை இருக்கிறது. அதன் உயரம் 980 முதல் 1050 வரை.

சதவீத அளவு

ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மெட்டா சொல்லும் வழிகாட்டுதல் தெளிவானது: மேலே சுமார் 14 சதவீதம், கீழே சுமார் 35 சதவீதம், இரு பக்கங்களிலும் 6 சதவீதம் ஆகிய இடங்களில் எழுத்தோ லோகோவோ வைக்காதீர்கள். 1920 உயரத்தில் இதைப் போட்டால் மேலே 269 பிக்சலும் கீழே 672 பிக்சலும் போய்விடும். எழுத்துக்கு மிஞ்சுவது 269 முதல் 1248 வரையிலான பட்டை. அகலத்தில் 65 முதல் 1015 வரை.

இந்த வழியின் நன்மை, எதையும் தரவிறக்க வேண்டாம். எடிட்டிங் மென்பொருளில் நான்கு கைடு கோடுகள் இழுத்தால் போதும். நம் வீடியோவில் அது உடனே மூன்று தவறுகளைக் காட்டுகிறது: தலைப்பு ஏறக்குறைய முழுதும் மேல் எல்லையைத் தாண்டியிருக்கிறது, சப்டைட்டில் முழுக்கக் கீழ்ப் பகுதியில் கிடக்கிறது, குறிப்பின் வல ஓரம் 25 பிக்சல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. (பல மென்பொருள்களில் தயாராகக் கிடைக்கும் 10, 20 சதவீதப் பாதுகாப்புக் கோடுகளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அவை தொலைக்காட்சிப் பெட்டியின் ஓர வெட்டுக்காகப் பிறந்தவை. பொத்தான்களைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.)

ஆனால் இந்தச் செவ்வகம் இரண்டு விதமாகப் பிசகுகிறது. விளம்பரத்தில் கீழே ஒரு பெரிய செயல் பொத்தான் வரும். அதற்கும் சேர்த்துத்தான் 35 சதவீதம். சாதாரணப் பதிவில் அந்தப் பொத்தான் கிடையாது. அங்கேயும் 1248க்கு மேலே சப்டைட்டிலை ஏற்றினால், சங்கிலியைத் துடைக்கும் கைகளையே எழுத்து மறைத்துவிடும். வீடியோவின் உயிரான இடத்தை, இல்லாத பொத்தானுக்குப் பயந்து நாமே மூடுகிறோம். மறுபுறம், வல ஓரத்தில் 6 சதவீதம் போதவே போதாது. பொத்தான் வரிசையின் அகலம் அதைவிட அதிகம். ரீல்ஸில் அந்த வரிசை பெரும்பாலும் கீழ் 35 சதவீதத்துக்குள் அடங்கிவிடுவதால் கணக்கு ஒத்துவரும். யூடியூப் ஷார்ட்ஸிலும் டிக்டாக்கிலும் அது ஏறத்தாழ படத்தின் நடுவிலிருந்தே இறங்குகிறது. ஆகவே நம் குறிப்பை 25 பிக்சல் இடப்பக்கம் தள்ளி 1015இல் முடித்தாலும், கோட்டுக்குள் வந்துவிட்டது என்ற நிம்மதி மட்டுமே மிஞ்சும். அங்கே அது இன்னும் பொத்தானுக்கு அடியில்தான் இருக்கிறது.

மாஸ்க் படம்

மாஸ்க் செவ்வகமாக இருக்காது. தடுக்கப்பட்ட பகுதி உண்மையில் கண்ணாடியில் பார்த்த ‘L’ எழுத்து போன்றது: கீழே ஒரு படுக்கை, வலப்பக்கம் ஒரு தூண், மேலே மெல்லிய பட்டை. அதை அப்படியே வரைந்து வைத்திருப்பதால் நம் திருகுக் குறிப்பு தூணில் இடிப்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். வேகமும் இதற்கே. எடிட் செய்யும்போதே மேல் தடத்தில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, ஏற்றுமதிக்கு முன் அணைத்துவிடலாம்.

முழு வீடியோவையும் ஓட்டிப் பார்க்கப் பொறுமை இல்லாதபோது, இரண்டு விநாடிக்கு ஒரு ஃப்ரேம் என்று எடுத்து, மாஸ்க்கோடு ஒரே தாளில் அடுக்கிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த முறை. 40 விநாடிக்கு 20 ஃப்ரேம்கள். கட்டளை வரியில் இயங்கும் ffmpeg என்ற இலவச மென்பொருளில் இந்த ஒரு வரி போதும்:

```
ffmpeg -i video.mp4 -i mask.png -filter_complex "[0:v][1:v]overlay=0:0,fps=1/2,scale=216:-1,tile=5x4" -frames:v 1 sheet.png
```

வீடியோவும் மாஸ்க்கும் 1080×1920 ஆகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் மாஸ்க் வேறு இடத்தில் விழும், விடை முழுதும் பொய். இரண்டு விநாடிக்குள் வந்து மறையும் எழுத்து இந்தத் தாளில் தப்பிவிடலாம். அப்படிப்பட்டவை இருந்தால் `fps=1`, `tile=5x8` என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மாஸ்க்கின் பலவீனம் அதன் வயது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு கைபேசியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து வரைந்தது அது. செயலி தன் தளவமைப்பை மாற்றும்போது யாரும் நமக்குச் சொல்வதில்லை. எந்த நிலையில் வரைந்தது என்பதும் கேள்விதான். ஒரு வரி விளக்கத்தோடு எடுத்த மாஸ்க்கை நம்பி, இரண்டு வரி விளக்கமும் பாட்டின் பெயரும் கட்டண விளம்பர முத்திரையும் கொண்ட பதிவைப் போட்டால், கீழ்ப்படுக்கை மேலேறி சப்டைட்டிலைத் தொட்டுவிடும். இணையத்தில் கிடைக்கும் மாஸ்க்கில் தேதியும் செயலியின் பெயரும் இல்லையென்றால் நான் அதைத் தொடுவதில்லை.

கைபேசிச் சோதனை

சோதனைப் பதிவை ஏற்றிப் பார்ப்பது மெதுவானது. ஆனால் மற்ற இரண்டும் எதைப் பார்த்து வரையப்பட்டனவோ, அதையே இது நேரில் காட்டுகிறது. இதைச் சரியாகச் செய்ய வீடியோவை அல்ல, முதலில் ஒரு கட்டத்தாளை ஏற்ற வேண்டும்:

```
ffmpeg -f lavfi -i color=c=gray:s=1080x1920:r=30:d=10 -vf "drawgrid=w=60:h=60:t=2:c=white" -pix_fmt yuv420p grid.mp4
```

60 பிக்சல் கட்டம் 1080க்கும் 1920க்கும் மீதியின்றி வகுபடும்: 18 நிரல், 32 வரிசை. எடிட்டிங்கில் ஒவ்வொரு வரிசைக்கும் நிரலுக்கும் எண் எழுதிவிட்டால், ஸ்கிரீன்ஷாட்டில் எந்த எண் மறைகிறது என்று படித்தாலே போதும். கைபேசித் திரையின் அளவு, படம் எவ்வளவு சுருங்கியது என்ற கணக்கெல்லாம் தேவையில்லை. வீடியோவின் சொந்த அளவிலேயே விடை கிடைக்கிறது.

யூடியூபில் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றிவிட்டு, வேறொரு கணக்கிலிருந்து திறவுங்கள். இந்த வேறொரு கணக்கு முக்கியம். சொந்தப் பதிவைப் பார்க்கும்போது பின்தொடரும் பொத்தான் வராது; அதற்குப் பதிலாகப் புள்ளிவிவர இணைப்பு போன்றவை வரலாம். வெளியிடும் முன் செயலி காட்டும் முன்னோட்டத்தையும் நம்பக் கூடாது. அதில் பார்வையாளருக்கு வரும் எல்லா மேலடுக்குகளும் இருப்பதில்லை. விளக்கத்தை ஒரு முறை ஒரு வரியாகவும், இன்னொரு முறை நீளமாகவும் வைத்து இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். செயலியின் தானியங்கி சப்டைட்டிலை இயக்கியும் ஒன்று எடுக்க வேண்டும். நாம் பதித்த வரிகளின் மேலேயே அது வந்து விழுந்தால் இரண்டையும் படிக்க முடியாது.

இந்தச் சோதனையில் மட்டுமே வெளிப்படும் ஒன்று உண்டு: உயரமான திரைகள். 20:9 கைபேசியில் சில செயலிகள் வீடியோவைத் திரை முழுக்க நிரப்பும். 1080×2400 திரையை நிரப்ப வீடியோ 1.25 மடங்கு பெரிதாகி 1350 அகலமாகிறது; 270 பிக்சல் மிஞ்சி, பக்கத்துக்கு 135 வெட்டுப்படுகிறது. நம் மூல வீடியோவின் கணக்கில் அது பக்கத்துக்கு 108. மெட்டாவின் 6 சதவீதம் காப்பாற்றுவது 65 மட்டுமே. 90இல் தொடங்கும் நம் சப்டைட்டிலின் முதல் எழுத்து அறுபடும். வேறு செயலிகள் வீடியோவைப் பெரிதாக்காமல், மிஞ்சிய இடத்தில் கருப்புப் பட்டையும் கருத்துப் பெட்டியும் வைக்கின்றன. அங்கே இந்த வெட்டு கிடையாது. எது நடக்கிறது என்று கட்டத்தாள் சொல்லிவிடும்: முதல் நிரல் தெரிகிறதா, காணவில்லையா?

சைக்கிள் வீடியோவுக்கே வருவோம். கட்டத்தாளில் ஒரு வரி விளக்கத்தோடு 1560 வரை தெளிவாக இருந்து, நீண்ட விளக்கமும் பாட்டின் பெயரும் சேர்ந்ததும் 1440க்குக் கீழே மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வலத்தூண் 900இல் தொடங்கி, 900ஆவது உயரத்திலிருந்து இறங்குகிறது. அப்படியானால் சப்டைட்டிலின் அடிப்பகுதியை 1400இல் நிறுத்தலாம். 1248 வரை ஏற்றிக் கைகளை மறைக்கத் தேவையில்லை. இங்கே அடிப்பகுதி என்பது எழுத்தின் அடிக்கோடு அல்ல. கு, மூ போன்றவற்றில் கீழே இறங்கும் கொக்கியின் நுனிதான் 1400ஐத் தொட வேண்டும். அகலம் 120 முதல் 880 வரை. நடுவில் வைத்தால் சமச்சீருக்காக இடப்பக்கமும் குறுகி 680தான் கிடைக்கும். தமிழின் நீண்ட சொற்களுக்கு அது நெருக்கடி. அதனால் இடது ஓரம் ஒட்டி 760 பிக்சலை முழுதும் எடுத்துக்கொள்வதே மேல். திருகுக் குறிப்பு 640 முதல் 880க்கு நகர்கிறது, அம்பு மட்டும் வலப்பக்கம் நீளலாம். தலைப்பை 290 முதல் 430க்கு இறக்கினால் மெட்டாவின் மேல் எல்லையும் நிறைவேறும். அதனால் இங்கே எந்த இழப்பும் இல்லை.

இதே வீடியோவைப் பிறகு விளம்பரமாக ஓட்டப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறுகிறது. விளம்பரப் பொத்தானைச் சோதனைப் பதிவில் வரவழைக்க முடியாது. அங்கே சதவீத அளவே நம்பகமானது. சப்டைட்டிலை 1248க்கு மேலே ஏற்றிய தனிப் பிரதி ஒன்று வேண்டியிருக்கும், கைகள் மறையாதபடி அந்தக் காட்சியையும் சற்று மேலே நகர்த்தி.

மற்றபடி என் தேர்வு, கட்டத்தாள் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து நாமே வரைந்த மாஸ்க். அன்றாட வேலைக்கு மாஸ்க்கின் வேகம், அதன் பின்னால் கைபேசியின் உண்மை. கோப்பின் பெயரிலேயே செயலியையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். செயலியின் தோற்றம் மாறியதாகக் கண்ணில் பட்டால் அன்றே கட்டத்தாளை மறுபடி ஏற்றி, பழைய மாஸ்க்கை அழித்துவிடுங்கள்.