மசாலா பாக்கெட் மெஷின்: லீஸா, சொந்தமா? 12-ல் ஒரு பதில், 8.76-ல் வேறு பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன மசாலா மில் இருக்கிறது. மிளகாய்த்தூளைப் பையில் அடைத்து ஒட்டும் மெஷின் ஒன்று வாங்க வேண்டிவந்தது. விலை வாட் நீங்கலாக 4 லட்சம் ராண்ட். வங்கி 12 சதவீத வட்டிக்குக் கடன் தரத் தயாராக இருந்தது. இன்னொரு பக்கம் லீஸ்: மாதம் 9,900 ராண்ட், நான்கு வருடம், பிறகு மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நான் வாங்கினேன், இப்போதும் வாங்கியதுதான் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் முதலில் போட்ட கணக்கு லீஸ்தான் மலிவு என்று காட்டியது, அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

சீக்கிரம் முடிக்க வேண்டியதை முடித்துவிடுகிறேன். 15 சதவீத வாட், பதிவு செய்த வியாபாரிக்கு இரண்டு வழியிலும் திரும்பி வந்துவிடும், எப்போது வரும் என்பதில்தான் வித்தியாசம். ரிப்பேர் செலவு இரண்டிலும் என் தலையில்தான், அதனால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. எளிமைக்காக, வருடத்துப் பணமெல்லாம் வருடக் கடைசியில் ஒரே நாளில் கைமாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கில் நான் செய்த தப்பு, எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வங்கி சொன்ன 12 சதவீதத்தையே போட்டது. கடன் வட்டிதானே என் பணத்தின் விலை என்று நினைத்தேன். பாதி சரி. கம்பெனி வரி இங்கே 27 சதவீதம், வட்டி செலவாகக் கழியும், அதாவது நான் 12 ராண்ட் வட்டி கட்டினால் வரியில் 3.24 ராண்ட் மிச்சமாகிறது. என் கையிலிருந்து உண்மையில் போவது 8.76. வாடகை, தேய்மானம், விற்ற பணம் என்று மற்ற எல்லாவற்றையும் வரி போக எடுத்துவிட்டு, வட்டியை மட்டும் வரிக்கு முந்தையதாக விட்டால் தராசின் ஒரு தட்டில் மட்டும் கல்லைக் கட்டின மாதிரிதான்.

இந்த 8.76 சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. 4 லட்சம் கடனை நான்கு வருடத்தில் அடைக்க வருடத் தவணை சுமார் 1,31,700. ஒவ்வொரு தவணையிலும் வட்டிப் பகுதிக்கான வரி மிச்சத்தைக் கழித்து, மீதியை 8.76-ல் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் திரும்பவும் அதே 4 லட்சம்தான் வரும். வராவிட்டால் எங்கேயோ தவறு. இதில் ஒரு லாபமும் உண்டு: வாங்கும் பக்கத்துக்குத் தவணை தவணையாக எழுத வேண்டியதே இல்லை, இன்றைக்கு 4 லட்சம் போகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

சரி, இப்போது லீஸ். வருடம் 1,18,800. வாடகை முழுக்கச் செலவாகக் கழிவதால் வரி போக 86,724. நான்கு வருடத்துக்கு, 8.76-ல், இன்றைய மதிப்பு சுமார் 2,82,450.

வாங்கினால் 4 லட்சம் போகிறது, ஆனால் தேய்மானம் திரும்பித் தருகிறது. உற்பத்தியில் நேரடியாக ஓடும் புது மெஷினுக்கு வருமான வரிச் சட்டத்தின் 12சி பிரிவு 40, 20, 20, 20 சதவீதம் என்று நான்கு வருடத்தில் முழு விலையையும் கழிக்க விடுகிறது. கடனில் தவணை முறையில் வாங்கினாலும் இது கிடைக்கும். வரி மிச்சம் முதல் வருடம் 43,200, பிறகு வருடத்துக்கு 21,600, இன்றைய மதிப்பில் மொத்தம் சுமார் 90,200. நிகரச் செலவு 3,09,800. இங்கேயே நிறுத்தினால் லீஸ் ஜெயித்துவிடும். நிறுத்தக் கூடாது, நான்கு வருடம் கழித்து மெஷின் என்னிடம்தான் இருக்கும்.

1 லட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்தேன். கணக்குப் புத்தகத்தில் அப்போது மதிப்பு பூஜ்யம், ஆகவே விற்ற தொகை முழுதும் வருமானமாகத் திரும்பச் சேரும், 27,000 வரிக்குப் போய் 73,000 கையில் நிற்கும். இன்றைய மதிப்பில் 52,170. வாங்கும் செலவு 2,57,600. லீஸைவிட ஏறக்குறைய 24,800 ராண்ட் மிச்சம்.

இதையே 12 சதவீதத்தில் போட்டுப் பாருங்கள். லீஸ் 2,63,400, வாங்குவது 2,68,700. லீஸ் 5,300 ராண்ட் மலிவு! அதே மெஷின், அதே வாடகை, அதே விலை. காரணம் புரிந்தால் மறக்காது: வாங்குகிறவன் பணத்தை இன்றைக்கே கொடுக்கிறான், அவனுக்கு வரும் நல்லதெல்லாம் பின்னால் வருகிறது. லீஸ்காரன் பின்னால் பின்னால் கொடுக்கிறான். வீதம் ஏற ஏற பின்னால் இருப்பதெல்லாம் சுருங்கும், அதனால் வீதத்தைக் கூட்டினால் தராசு லீஸ் பக்கம் சாயும். லீஸ் விற்க வருகிறவர் நீட்டும் தாளில் முதலில் பார்க்க வேண்டியது அந்த வீதத்தைத்தான். எனக்கு வந்த தாளிலும் 12தான் இருந்தது, மூலையில், பொடி எழுத்தில்.

எக்செல்லில் லீஸ் பக்கத்துக்கு இவ்வளவுதான், B2 முதல் B5 வரை வரி போன வாடகை:

```
=NPV(12%*(1-27%), B2:B5)
```

இந்தக் கணக்கு பலவீனப்படும் இடம் ஒன்று இருக்கிறது: அந்த 1 லட்சம். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன், எவ்வளவுக்கு விற்றால் இரண்டும் சமம்? சுமார் 52,400. அதற்குக் கீழே போனால் லீஸ்தான். எங்கள் ஊர்க் கடற்காற்றில் சாதாரண இரும்பு சட்டம் இரண்டே வருடத்தில் துரு பிடிக்கும். மிளகாய்த்தூள் ஒட்டும் தாடையில் படிந்து பையின் வாய் சரியாக ஒட்டாமல் போகும், வாங்க வருகிறவன் முதலில் பார்ப்பது அந்த ஒட்டுதலைத்தான். மின்சாரம் போய்ப் போய் வந்த காலத்தில் கன்ட்ரோல் போர்டு கருகிய மெஷின்கள் எத்தனையோ. துருப்பிடிக்காத எஃகு உடம்பு, பாகங்கள் இங்கேயே கிடைக்கும் மாடல் என்பதால் 52,400 நிச்சயம் வரும் என்று துணிந்தேன். 1 லட்சம் வருமா என்று கேட்டால், நான் இன்னும் விற்றுப் பார்த்ததில்லை, இது என் இரண்டாவது வருடம்தான்.

இன்னொன்று, 27-ஐ எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறு தொழில் கம்பெனியாகத் தகுதி பெற்றால் வரி வீதம் படிப்படியாக ஏறும், உற்பத்தி மெஷினின் முழு விலையும் முதல் வருடமே கழியும், வாங்குவது இன்னும் பலமாகும். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. பங்குதாரரான என் மச்சானுக்கு வேறொரு கம்பெனியிலும் பங்கு இருக்கிறது. "என்னாலதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நஷ்டத்தில் ஓடும் வருடங்களில் கழிக்க லாபமே இருக்காது. அப்போது வட்டி வீதம் நிஜமாகவே 12தான், வாடகைக்கும் தேய்மானத்துக்கும் உடனே வரி மிச்சம் இல்லை. அந்த நிலையிலும் போட்டுப் பார்த்தேன்: லீஸ் 3,60,800, வாங்குவது 3,36,400.

இதே மாதம் லேபிள் அச்சடிக்கும் கருவி ஒன்றும் எடுத்தோம். நான்கு வருடம் கழித்து அதை யாரும் சும்மா கொடுத்தால்கூட வாங்க மாட்டார்கள். அதை லீஸில்தான் எடுத்தேன். 48 மாதம் முடிவதற்கு மூன்று மாதம் முன்னால் எழுத்தில் சொல்லாவிட்டால் வாடகை தானாக ஓடிக்கொண்டே இருக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது, அந்தத் தேதியை மில் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.