கோத்தகிரிப் பக்கம் ‘கண் கேப்சூல்’ விற்க வருகிறவர்களை நம்பாதீர்கள்

வேனில் ஒலிபெருக்கி கட்டி, ‘இலவச கண் பரிசோதனை’ என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராக வருகிறார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள்.

என் அம்மாவுக்கு 68 வயது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஜன்னல் கம்பிகள் நடுவில் வளைந்து தெரிகின்றன என்று அந்த முகாமில் சொல்லியிருக்கிறார். டார்ச் அடித்துப் பார்த்த ஆள், “மஞ்சள் புள்ளி தேயுதும்மா. லூட்டின் கேப்சூல் ஆறு மாசம் சாப்பிட்டா நேராயிடும். அதுவரைக்கும் எந்த டாக்டர்கிட்டயும் போகாதீங்க, மருந்து வேலை செய்யணும்” என்றிருக்கிறான். ஆறு டப்பா, ஒன்று 1,800 ரூபாய். பில் கிடையாது, கையால் எழுதிய துண்டுச் சீட்டு மட்டும்.

நான் ஊருக்கு வந்தபோது மூன்று டப்பா காலியாகியிருந்தது, அம்மாவால் பேப்பர் படிக்க முடியவில்லை. கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனேன். விழித்திரையை ஸ்கேன் எடுத்ததும், அது விழித்திரையின் நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளி பழுதாகும் மாக்குலர் டீஜெனரேஷன் நோயின் ஈர வகை என்று தெரிந்தது. புதிதாக முளைத்த ரத்தக்குழாய்கள் விழித்திரைக்கு அடியில் கசிகின்றன. இதற்குக் கண்ணுக்குள் ஊசி போடுவதுதான் சிகிச்சை. சீக்கிரம் ஆரம்பித்தால் அதிகப் பார்வையைக் காப்பாற்றலாம். கசிந்து தழும்பாகிவிட்ட இடம் திரும்பி வராது. எந்த கேப்சூலும் இந்தக் கசிவை நிறுத்தாது. “கம்பி வளையுதுன்னு சொன்ன அன்னிக்கே வந்திருக்கணும்” என்றார் டாக்டர். அம்மாவை அப்படி வரவிடாமல் தடுத்தது அந்த ஆளின் வார்த்தைதான். எனக்குப் போன பணத்தைவிட அதுதான் தாங்க முடியவில்லை.

அவன் காட்டிய நோட்டீஸில் ‘அமெரிக்க ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று இருந்தது. ஆய்வு உண்மை, அதற்குச் சொன்ன அர்த்தம்தான் பொய். அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட முடிவு இது: வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் சேர்ந்த மாத்திரை, நடுத்தர நிலை நோய் உள்ளவர்களுக்கும் ஒரு கண்ணில் மட்டும் முற்றியவர்களுக்கும், 5 ஆண்டுகளில் நோய் முற்றும் அபாயத்தைச் சுமார் 25 சதவீதம் குறைத்தது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. 2013-இல் வந்த இரண்டாவது ஆய்வில் அதே மாத்திரையோடு, மஞ்சள் புள்ளிக்கு நிறம் தரும் லூட்டின் 10 மில்லிகிராமும் ஸியாஸாந்தின் 2 மில்லிகிராமும் தினமும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் கூடுதல் பலன் நிரூபணமாகவில்லை. பீட்டா கரோட்டின் புகைபிடித்திருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டியதால், அதற்குப் பதிலாக இவ்விரண்டையும் வைக்கலாம் என்பதே கிடைத்த முடிவு. நோய் முற்றுவதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். போன பார்வை வரும் என்று யாரும் சொல்லவில்லை.

இனி டப்பாவைப் பார்ப்போம். முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘லூட்டின் 20 மி.கி.’. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘செண்டுமல்லிப் பூ சாரம் 20 மி.கி., லூட்டின் 10%’. அதாவது உள்ளே இருப்பது 2 மில்லிகிராம்தான். ஆய்வில் கொடுத்த அளவுக்குத் தினம் ஐந்து விழுங்க வேண்டும். துத்தநாகமோ வைட்டமின்களோ துளியும் இல்லை. அதற்கும் கீழே, ‘மருந்தாகப் பயன்படுத்த அல்ல’ என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். கேப்சூல் வாங்குகிறவர்கள் சாரத்தின் எடையை மட்டும் பார்க்காதீர்கள். அதைச் சதவீதத்தால் பெருக்கிப் பாருங்கள்.

“கீரையில என்னம்மா இருக்கு, கிலோ கணக்குல தின்னாலும் பத்தாது” என்றும் சொல்லியிருக்கிறான். வேகவைத்த ஸ்பினாச் கீரை 100 கிராமில் லூட்டினும் ஸியாஸாந்தினும் சேர்ந்து சுமார் 11 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு கிண்ணம் கூட்டு போதும். இவை கொழுப்பில் கரைபவை, அதனால் எண்ணெயோ தேங்காயோ சேர்த்துச் சமைத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். முட்டை மஞ்சள் கருவில் அளவு குறைவு, ஆனால் அதிலேயே கொழுப்பு இருப்பதால் எளிதில் சேர்ந்துவிடும். நம்ம ஊர் கேரட் கண்ணுக்கு நல்லதுதான் என்றாலும் அதில் அதிகம் இருப்பது பீட்டா கரோட்டின். மஞ்சள் புள்ளியின் நிறம் லூட்டினாலும் ஸியாஸாந்தினாலும் ஆனது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கீரையைத் திடீரென்று கூட்ட வேண்டாம். கீரையும் சாப்பாடுதான், ஈர வகைக்கு வைத்தியம் இல்லை.

அம்மாவுக்கு இப்போது மாதாமாதம் ஊசி. கசிவு அடங்கியிருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணால் பார்த்தால் எதிரே நிற்பவரின் முகம் மட்டும் தெரிவதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களை இன்றே ஒவ்வொரு கண்ணாக மூடி, கண்ணாடி போட்டபடியே ஜன்னல் கம்பியையோ கதவு நிலையையோ பார்க்கச் சொல்லுங்கள். வளைந்தாலோ நடுவில் கறை தெரிந்தாலோ அந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் போங்கள். வேன்காரர்களிடம் ஏற்கெனவே வாங்கியிருந்தால் டப்பாவையும் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்திருக்கிறேன், நீங்களும் கொடுங்கள்.