பக்கத்து ஜோடியா, தூரத்து ஜோடியா? சில்வர் குளோரைடின் கரைதல் என்தால்பி

இரண்டு வெப்பநிலைகளில் கரைதிறன் பெருக்கம் தெரிந்தால் கரைதல் என்தால்பியைக் கணக்கிட்டுவிடலாம். வாண்ட் ஹாஃப் சமன்பாடு அதற்குப் போதும்:

ln(K₂/K₁) = (ΔH°/R) × (1/T₁ − 1/T₂)

எந்த இரண்டு வெப்பநிலைகளை எடுப்பது என்பதைத்தான் பாடப்புத்தகம் சொல்வதில்லை. விடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

சில்வர் குளோரைடையே எடுத்துக்கொள்வோம். அதன் கரைதிறன் பெருக்கம் 25°C-இல் 1.77 × 10⁻¹⁰, 50°C-இல் 1.32 × 10⁻⁹, 100°C-இல் 2.15 × 10⁻⁸. முதலில் பக்கத்து ஜோடி, அதாவது 25-ம் 50-ம். K விகிதம் 7.46, அதன் ln 2.01. வெப்பநிலைகளைக் கெல்வினுக்கு மாற்றித் தலைகீழாக்கிக் கழித்தால் 0.0002595. 8.314 × 2.01 ÷ 0.0002595 என்று போட்டால் மோலுக்குச் சுமார் 64.4 கிலோஜூல். அடுத்து தூரத்து ஜோடி, 25-ம் 100-ம். விகிதம் 121, ln 4.80, தலைகீழ் வித்தியாசம் 0.000674. விடை 59.2.

ஒரே உப்பு, ஒரே சமன்பாடு, ஆனால் 5 கிலோஜூல் இடிக்கிறது. எது சரி என்று பார்க்க, K பக்கமே போகாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: உருவாதல் என்தால்பி அட்டவணை. வெள்ளி அயனிக்கு +105.6, குளோரைடு அயனிக்கு −167.2, திண்மத்துக்கு −127.1. அயனிகளின் கூட்டுத்தொகையிலிருந்து திண்மத்தைக் கழித்தால் +65.5. அட்டவணை 25°C-க்கானது. பக்கத்து ஜோடி அதை ஒட்டி நிற்கிறது, தூரத்து ஜோடி விலகி நிற்கிறது.

அதற்காகத் தூரத்து ஜோடி தப்பு என்று சொல்லிவிட முடியாது. சமன்பாட்டை இந்த வடிவத்துக்குக் கொண்டுவரும்போது ΔH வெப்பநிலையோடு மாறாது என்று எடுத்துக்கொண்டோம். இந்த உப்பில் அது மாறுகிறது. அயனிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக நிற்பதால், கரையும்போது வெப்ப ஏற்புத்திறன் குறைகிறது. அட்டவணைப்படி அந்தக் குறைவு ஒரு கெல்வினுக்கு ஏறக்குறைய 165 ஜூல். எனவே சூடு ஏற ஏற ΔH இறங்குகிறது. 25-க்கும் 100-க்கும் இடையிலான ஜோடி தருவது, சுமார் 60°C-இல் ΔH எவ்வளவோ அதை. 65.5-இலிருந்து 35 கெல்வினுக்கான இறக்கத்தைக் கழித்துப் பாருங்கள்: 60-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆக 59.2 தவறான எண் அல்ல, வேறொரு வெப்பநிலைக்கான எண்.

அப்படியானால் எப்போதும் பக்கத்து ஜோடியே போதுமா? இல்லை, அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பழைய கையேடுகளில் 25°C-க்கான மதிப்பு 1.56 × 10⁻¹⁰ என்று இருக்கும். அதைப் போட்டால் பக்கத்து ஜோடியின் விடை 64.4-இலிருந்து 68.4-க்குத் தாவுகிறது. தூரத்து ஜோடியில் அதே மாற்றம் 59.2-ஐ 60.8 ஆக்குவதோடு சரி. K-இல் உள்ள பிழையைத் தலைகீழ் வித்தியாசத்தால் வகுக்கிறோம். வகுக்கும் எண் சிறியதென்றால் பிழை ஊதிப் பெரிதாகிறது. இதில் இன்னொரு சங்கடம்: 50, 100-க்கான எண்கள் பழைய பட்டியலிலும் அந்த 1.56-ஓடுதான் சேர்ந்து வருகின்றன. 1.77 வேறு இடத்து எண். என் 64.4 அட்டவணையோடு இவ்வளவு அழகாகப் பொருந்துவதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கலாம்.

25°C-க்கான ΔH மட்டும் வேண்டுமென்றால் நான் அட்டவணையைத்தான் எடுப்பேன். ஆனால் அந்த 65.5-ஐ மாறாதது என்று வைத்துக்கொண்டு 100°C-இல் K என்ன என்று கணித்தால் 3.6 × 10⁻⁸ வரும். உண்மை மதிப்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். சூடான கரைசலில் வேலை என்றால் தூரத்து ஜோடி நல்லது. அதுவும் இடையிலுள்ள 50°C-க்கு 1.12 × 10⁻⁹ என்று 15 சதவீதம் குறைத்தே சொல்லும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஜோடியை மிகவும் அகலமாக்குவதிலும் ஆபத்து உண்டு. ஜிப்சத்தின் கரைதிறன் 40°C வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. உச்சத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு புள்ளி எடுத்தால் ΔH கிட்டத்தட்ட பூஜ்ஜியம் என்று வரும். கணக்கில் பிழையே இருக்காது, விடைக்குத்தான் அர்த்தம் இருக்காது. நடுவில் மூன்றாவது ஒரு புள்ளி இருந்தால் உடனே பிடிபட்டுவிடும்.

அப்புறம், மாணவர் விடைத்தாள்களில் நான் அடிக்கடி பார்ப்பது: 59-க்குப் பதில் 29.6. சரியாகப் பாதி. K போட வேண்டிய இடத்தில் கரைதிறனைப் போட்டிருப்பார்கள். சில்வர் குளோரைடில் K என்பது கரைதிறனின் வர்க்கம் என்பதால் ln பாதியாகிவிடுகிறது.