ஆறு வருஷமா போட்டோ ஆர்க்கைவை செக்சம் போட்டு சரிபாக்குறேன், என் அனுபவம்

2019-ல பழைய ஹார்ட் டிஸ்க் கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சப்போ புது 4 டிபி டிஸ்க் வாங்கி மொத்த போட்டோவையும் அதுக்கு மாத்தினேன். 1.1 டிபி, கிட்டத்தட்ட 61,000 ஃபைல், அப்பா ஸ்கேன் பண்ணி வச்ச பழைய ஆல்பமும் அதுல அடக்கம். காப்பி எர்ரரே இல்லாம முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை ஒண்ணு, சைஸும் ஒண்ணு. பழைய டிஸ்கை காயலான் கடைக்கு போட்டுடலாம்னு இருந்தேன், அலுவலகத்துல கூட வேலை பாக்குற ஒரு அண்ணன்தான் "செக்சம் பாத்தியாடா?"ன்னு கேட்டாரு. செக்சம்னா ஃபைல்ல இருக்குறதை எல்லாம் கணக்கு போட்டு எடுக்குற ஒரு எண், உள்ள ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிடும்.

நான் லினக்ஸ்ல செய்யுறது இவ்ளோதான். முதல்ல பழைய டிஸ்க்ல இருக்குற ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் போட்டு ஒரே லிஸ்டா எடுக்கணும்:

```
cd /media/pazhasu/photos
find . -type f -print0 | sort -z | xargs -0 sha256sum > ~/photos.sha256
```

அப்புறம் புது டிஸ்க்ல போய் அதே லிஸ்டை வச்சு செக் பண்ணணும்:

```
cd /media/pudhusu/photos
sha256sum -c --quiet ~/photos.sha256
```

`--quiet` போட்டா சரியா இருக்குற 61,000 வரியும் திரையில ஓடாது, தப்பானது மட்டும்தான் வரும். ஒரு டிஸ்கை முழுசா படிக்க எனக்கு மூணு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மியா ஆகுது, ராத்திரி போட்டுட்டு தூங்கிடலாம். sha256-க்கு பதிலா எம்டி5 செக்சம் போட்டா சீக்கிரம் முடியும்னு சிலர் சொல்வாங்க, நான் ரெண்டும் போட்டு பாத்தேன், ஒரே நேரம்தான், ஏன்னா இங்க மெதுவா இருக்குறது சுத்துற டிஸ்க், பிராசசர் இல்ல.

மறுநாள் காலைல பாத்தா 61,000-ல மூணு ஃபைல் `FAILED`. மூணே மூணுதானேன்னு விட்டிருக்கலாம். ஆனா சைஸ் ஒண்ணா இருக்கு, எர்ரர் எதுவும் வரல, அப்புறம் எப்படி மாறுச்சுங்குறது மண்டைய குடைஞ்சுது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணி அந்த மூணை மட்டும் திரும்ப போட்டேன். ஒண்ணு இப்ப சரியா வருது! மத்த ரெண்டும் தப்பு, ஆனா எத்தனை தடவ போட்டாலும் அதே தப்பு எண்தான். பழைய டிஸ்க்ல அந்த ரெண்டையும் திரும்ப போட்டா லிஸ்ட்ல இருக்குற எண்ணே வருது. இந்த வித்தியாசத்தை கவனிக்கணும். ஒவ்வொரு தடவயும் ஒரே தப்பு எண் வந்தா டிஸ்க்லயே தப்பா எழுதியிருக்குன்னு அர்த்தம், ஒரு தடவ தப்பு ஒரு தடவ சரின்னு வந்தா படிக்குற வழியில எங்கயோ கோளாறு. எனக்கு ரெண்டுமே இருந்துது. அப்புறம் ரெண்டு காப்பியையும் `cmp -l` போட்டு ஒப்பிட்டேன், ஒரே ஒரு வரி வந்துது, ஒரு இடத்துல `101` இருக்க வேண்டியது `141`-னு இருந்துது. அது எட்டடிமான எண், பைனரியா மாத்தி பாத்தா எட்டு பிட்ல ஒண்ணே ஒண்ணுதான் மாறியிருக்கு. ஒத்த பிட் மாறுச்சுன்னா முதல்ல ரேமை சந்தேகப்படுன்னு அண்ணன் சொன்னாரு. ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட விட்டேன், ரெண்டு ஸ்டிக்ல ஒண்ணு கோளாறு. கழட்டி போட்டுட்டு ரெண்டு ஃபைலையும் மறுபடி காப்பி பண்ணேன், அதுக்கப்புறம் மொத்தமும் சுத்தமா வந்துது. ஒரு பிட்தானேன்னு நெனைக்காதீங்க, அதுல ஒண்ணு ஜேபெக், திறந்து பாத்தா பாதி படத்துக்கு கீழ கலர் பூரா வயலட் அடிச்சு கிடந்துது.

ரீஸ்டார்ட் பண்ணேன்னு சொன்னேன்ல, அதுக்கு காரணம் இருக்கு. காப்பி பண்ண கையோட செக் பண்ணா கம்ப்யூட்டர் டிஸ்கை படிக்கவே படிக்காது, ரேம்ல இருக்குற கேஷ்ல இருந்தே எடுத்து "எல்லாம் சரி"ன்னு சொல்லிடும். ஒரு தடவ 9 ஜிபி ஃபோல்டரை காப்பி பண்ணிட்டு உடனே செக் போட்டேன், 15 செகண்ட்ல முடிஞ்சுருச்சு. கணக்கு போட்டு பாத்தா செகண்டுக்கு 600 எம்பி, சுத்துற டிஸ்க் எந்த ஜென்மத்துலயும் அவ்ளோ வேகம் வராது. அன்னில இருந்து அன்மவுண்ட் பண்ணி, டிஸ்கை கழட்டி மாட்டிட்டுதான் செக் பண்றது.

அடுத்த கூத்து 2021-ல. ஒரு காப்பி மச்சானோட மேக்ல மாட்டியிருந்த பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருந்துது, அதை ஆர்சிங்க்ல நெட்வொர்க் வழியா என் கம்ப்யூட்டருக்கு திரும்ப இழுத்தேன். செக் பண்ணா நூத்துக்கணக்குல `No such file or directory`. ஃபோல்டரை பாத்தா கண்ணு முன்னாடி இருக்கு, பேரும் அதே பேர்தான். "தீபாவளி" ஃபோல்டர் பூரா சரி, "பொங்கல்" பூரா இல்லையாம், "கோவில்" இல்லையாம். ரொம்ப நேரம் முழிச்ச அப்புறம்தான் புரிஞ்சுது, கொம்பும் காலும் சேந்து வர எழுத்து இருக்குற பேர் மட்டும்தான் அடி வாங்குது. அந்த பழைய மேக் ஃபைல் சிஸ்டம் (HFS+) ஒகரக் குறிய ஒரே எழுத்தா வைக்காம கொம்பு தனி, கால் தனின்னு பிரிச்சு வைக்குது. திரையில ரெண்டும் ஒண்ணுதான், உள்ள வேற வேற:

```
e0 ae aa e0 af 8a
e0 ae aa e0 af 86 e0 ae be
```

ரெண்டுமே "பொ"தான், மேல இருக்குறது 6 பைட், கீழ 9. லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற பேர். `convmv -f utf8 -t utf8 --nfc -r --notest .` போட்டு பேரை எல்லாம் சேத்து எழுத வச்ச அப்புறம் ஒரு ஃபைல் கூட தப்பு வரல. `--notest` போடாம ஒரு தடவ ஓட விட்டு என்னென்ன மாத்தப் போகுதுன்னு பாத்துக்குங்க. இங்கிலீஷ்ல பேர் வைக்குறவங்களுக்கு இந்த தலைவலி பெருசா வராது, இருந்தாலும் நான் தமிழ்லதான் வைக்குறேன், அது வேற விஷயம்.

போன வருஷம் ஒரு நாள் 2,000 ஃபைலுக்கு மேல `FAILED` வந்து வயித்த கலக்கிருச்சு. பாத்தா வேற யாரும் இல்ல, நான்தான். போட்டோ சாஃப்ட்வேர்ல ஸ்டார் ரேட்டிங் போட்டுட்டு இருந்தேன், அது ரேட்டிங்கை ஜேபெக் ஃபைலுக்குள்ளயே எழுதிருச்சு. படம் அப்படியேதான் இருக்கு, ஃபைல் மாறிடுச்சு. இதை கண்டுபிடிக்க ஃபைலோட மாத்தின தேதிய பாத்தாலே போதும், சாஃப்ட்வேர் எழுதியிருந்தா பெரும்பாலும் தேதி புதுசா இருக்கும், டிஸ்க் கெட்டுப் போனா தேதி பழசாவேதான் இருக்கும். இப்போ அந்த ஆப்ஷனை அணைச்சுட்டேன், ரேட்டிங் எல்லாம் பக்கத்துல தனி எக்ஸ்எம்பி ஃபைல்ல போகுது.

குறைன்னா ரெண்டு. லிஸ்ட்ல இல்லாத ஃபைல் புதுசா ஒண்ணு காப்பில உக்காந்திருந்தா `-c` அதை கண்டுக்கவே கண்டுக்காது, அதுக்கு எண்ணிக்கைய தனியா பாக்கணும். இன்னொண்ணுதான் எனக்கு வலிச்சுது. அந்த கெட்ட ரேம் 2019-க்கு முன்னாடியும் கம்ப்யூட்டர்ல இருந்துதுல்ல, அப்போ காப்பி பண்ணதுல நாலு படம் பாதி சாம்பல் கலரா கிடக்கு, அதுல அக்கா கல்யாணத்துல எடுத்தது ரெண்டு. லிஸ்ட் எடுக்குறதுக்கு முன்னாடியே கெட்டது, அதனால செக்சம் இன்னிக்கும் அந்த நாலையும் `OK`-ன்னுதான் காட்டுது. இப்பல்லாம் கேமரா கார்டை கம்ப்யூட்டர்ல சொருகின உடனே கார்டுலயே லிஸ்ட் எடுத்துடுறேன், காப்பி அதுக்கப்புறம்தான், அதை செக் பண்ணி முடிக்குற வரை கார்டை ஃபார்மேட் பண்றது இல்ல.